ஒரு வருடமாக ஆர்டர் தராதவருக்கு என்ன எழுதுவது?

நீர்த்துளி — 2025 மார்ச் 3, காலை 10.20

தண்ணீர் வடிகட்டிக்கான கார்ட்ரிட்ஜ் விற்கிறோம், மூன்று பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள், அதனால் வருபவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். போன வாரம் கணக்கெடுத்தபோது ஒரு வருடத்துக்கு மேல் ஆர்டரே தராதவர்கள் 412 பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம் என்று இருக்கிறேன். என் முதல் வரைவு இது:

> பொருள்: உங்களைக் காணோமே!
> வணக்கம். எங்களை மறந்துவிட்டீர்களா? நீங்கள் வாங்குவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. நாங்கள் என்ன தவறு செய்தோம்? உங்களுக்காகக் காத்திருக்கிறோம். 15% தள்ளுபடி, மூன்று நாள் மட்டும்.

எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் படித்தால் யாரோ சட்டையைப் பிடித்துக் கேட்பது போல இருக்கிறது. அவர்கள் ஏன் நின்றிருக்கலாம் என்று நாமே சொல்லலாமா, அல்லது காரணப் பேச்சையே எடுக்காமல் விடுவது நல்லதா? எடுக்காமல் விடுவதே மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்கு77 — மார்ச் 3, 11.05

தள்ளுபடியை 25 ஆக்குங்க, வருவாங்க. காரணமெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க. ஒரு வருஷம் வரைக்கும் ஏன் காத்திருந்தீங்க? 90 நாள் தாண்டினாலே அனுப்பியிருக்கணும். நான் அனுப்பினதுல 60% பேர் திறந்து பார்த்தாங்க.

நீர்த்துளி — மார்ச் 3, 11.40

90 நாளில் எங்கள் கார்ட்ரிட்ஜ் பாதிகூடத் தேய்ந்திருக்காது. அப்போது போய் "காணோமே" என்றால், ஒழுங்காகப் பயன்படுத்திக்கொண்டிருப்பவருக்கு எரிச்சல்தான் வரும்.

தபால்பை — மார்ச் 3, மாலை 6.15

பதினைந்து வருடமாக மின்னஞ்சல் அனுப்பும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கணக்கு சார் சொன்னதில் நேரம் முக்கியம் என்பது சரி, 90 என்ற எண் சரியில்லை. ஒவ்வொருவரும் இதற்கு முன் எத்தனை மாத இடைவெளியில் வாங்கினார் என்று பாருங்கள். அதைப் போல இரண்டு மடங்கு தாண்டினால்தான் அவர் நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்கியவருக்கு ஒரு வருடம் என்பது நியாயமான கணக்கு.

60% திறந்தார்கள் என்பதை நம்பாதீர்கள். கடிதத்தில் உள்ள ஒரு சிறு படம் இறங்குவதை வைத்துத்தான் "திறந்தார்" என்று எண்ணுகிறார்கள். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து ஆப்பிளின் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்குப் படங்களை ஆப்பிளே முன்கூட்டி இறக்கிக்கொள்கிறது. ஆள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் உங்கள் கணக்கில் "திறந்தார்" என்றுதான் விழும்.

நீர்த்துளி, வாசகத்துக்குப் போகும் முன் பட்டியலைப் பாருங்கள். அந்த 412 பேரில் யாருக்கு எழுதவே கூடாது?

நீர்த்துளி — மார்ச் 5, இரவு 9.30

இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தேன். 57 பேர் ஏற்கனவே "வேண்டாம்" என்று விலகியவர்கள். 41 பேர் பணம் திரும்ப வாங்கியவர்கள் அல்லது புகார் சொன்னவர்கள். 34 பேர் ஒரே தடவையில் நான்கு கார்ட்ரிட்ஜ் வாங்கியவர்கள்; அவர்கள் எங்கும் போகவில்லை, வீட்டில் இன்னும் இருப்பு இருக்கிறது, அவ்வளவுதான். 62 பேர் ஒரே ஒரு முறை வாங்கியவர்கள், அவர்களைப் பிறகு பார்க்கலாம். மீதி 218.

விலகிய 57 பேருக்கு, "மறுபடி சேர விருப்பமா" என்று ஒரே ஒரு தடவை கேட்டால் என்ன?

தபால்பை — மார்ச் 5, 10.10

கூடாது. அப்படிக் கேட்பதும் விளம்பரக் கடிதம்தான். பிரிட்டனில் 2017 மார்ச்சில் ஃப்ளைபீ விமான நிறுவனத்துக்கு 70,000 பவுண்டு அபராதம் விழுந்தது இதற்குத்தான். விளம்பரம் வேண்டாம் என்று சொல்லியிருந்த 33 லட்சம் பேருக்கு "உங்கள் விவரங்கள் சரியாக உள்ளனவா" என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். கடிதத்தில் பணிவு இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. அந்த 57 பேரை விட்டுவிடுங்கள்.

பழையமேசை — மார்ச் 6, காலை 7.45

நான் பிழைதிருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். வியாபாரம் தெரியாது, வாக்கியம் தெரியும். அம்மா, உங்கள் வரைவில் குற்றஞ்சாட்டுவது எது தெரியுமா? "மறந்துவிட்டீர்களா"வில் இருக்கும் அந்த "விட்டீர்கள்". "நீங்கள் நிறுத்தி"யிலும் அதே கதை. செயலைச் செய்தவர் அவர், விட்டுப் போனவர் அவர் என்று வாக்கியமே விரல் நீட்டுகிறது. "காணோமே"யின் கடைசி ஏகாரம் பாசமாகவும் ஒலிக்கும், புலம்பலாகவும் ஒலிக்கும். முகம் தெரியாதவரிடமிருந்து வந்தால் புலம்பல்தான்.

"உங்களுக்குக் கடைசியாகக் கார்ட்ரிட்ஜ் அனுப்பியது 2023 நவம்பரில்" என்று தொடங்கிப் பாருங்கள். அனுப்பியது நீங்கள். அவர் எதையும் செய்யவும் இல்லை, செய்யாமல் விடவும் இல்லை. தேதி மட்டும் நிற்கும்.

நீர்த்துளி — மார்ச் 6, 9.00

ஐயா, இந்த ஒரு வரியில் தொனியே மாறிவிட்டது. "என்ன தவறு செய்தோம்" என்ற கேள்வியையும் எடுத்துவிட்டேன். நம்மை நாமே தாழ்த்திக்கொள்வது போலத் தெரிந்தாலும், பதில் சொல்லும் சுமை அவர் தலையில்தான் விழுகிறது.

வாசல்படி — மார்ச் 6, மதியம் 2.30

இதே மாதிரி எனக்கு வாரத்துக்கு ரெண்டு மெயில் வருது. எப்படி நிறுத்துறதுன்னு யாராவது சொல்லுங்க. அப்பாவுக்குக் காது கருவி பேட்டரி வாங்கிட்டிருந்தோம், அவர் பேர்ல, அவர் மெயில்ல. அப்பா போன வருஷம் தவறிட்டார். அவர் மெயிலை இப்ப நான்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு மெயிலும் அப்பா பேரைச் சொல்லி, "உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு"ன்னு ஆரம்பிக்குது. நிறுத்தலாம்னு அழுத்தினா பாஸ்வேர்டு கேட்குது. அது அப்பாவுக்குத்தான் தெரியும்.

தபால்பை — மார்ச் 6, 3.10

வருத்தமாக இருக்கிறது. இப்போதைக்கு, உங்கள் மெயில் பெட்டியில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் விலகும் பொத்தான் தெரிகிறதா பாருங்கள். அது பாஸ்வேர்டு கேட்காது. இல்லையென்றால் அந்த அனுப்புநரையே தடுத்துவிடுங்கள்.

நீர்த்துளி, இது உங்களுக்கும் பாடம். விலகும் இணைப்பு உள்நுழையச் சொல்லக் கூடாது. மின்னஞ்சலின் கண்ணுக்குத் தெரியாத தலைப்புப் பகுதியில் இந்த இரண்டு வரி போக வேண்டும்:

```
List-Unsubscribe: <https://example.com/u/TOKEN>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

மொத்தமாக விளம்பர மின்னஞ்சல் அனுப்புபவர்களிடம் ஜிமெயிலும் யாஹூவும் 2024லிருந்து இதைக் கட்டாயம் கேட்கின்றன; மொத்தம் என்பது ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்குச் சுமார் 5000. நீங்கள் அந்த அளவு இல்லை, இருந்தாலும் போடுங்கள். விலக வழி தெரியாதவர் ஸ்பாம் பொத்தானைத்தான் அழுத்துவார். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்கிறது கூகுள். ஒரு நாளில் ஜிமெயிலுக்கு 40 கடிதம் போய் ஒருவர் அழுத்தினாலே 2.5 சதவீதம் ஆகிறது.

நீர்த்துளி — மார்ச் 6, இரவு 11.20

வாசல்படி எழுதியதைப் படித்துவிட்டு வேறு எதுவும் ஓடவில்லை. நான் பட்டியலில் வைத்திருந்த காரணங்கள் விலை, போட்டி, மறதி மட்டும்தான். வாங்கியவர் உயிரோடு இல்லாமல் இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கடிதத்தில் பெயர் வேண்டாம், "வணக்கம்" மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். "ரொம்ப நாளாச்சு" போன்ற கொஞ்சலும் வேண்டாம்.

முதல் நாள் சொன்னதிலும் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். காரணத்தைச் சொல்லாமல் விடுவதே மரியாதை என்றேன். வெறுமனே "அனுப்பியது நவம்பரில், இதோ இணைப்பு" என்று முடித்தால் அது வசூல் நினைவூட்டல் போல இருக்கிறது. வாழ்க்கையில் ஏதோ மாறியிருக்கலாம், அது எங்களுக்குப் புரிகிறது என்று ஒரு வரியாவது வேண்டும்.

நீர்த்துளி — மார்ச் 8, காலை 10.00

இரண்டாவது வரைவு. காரணங்களை நான்கு இணைப்புகளாக வைத்தேன்: வீடு மாறினோம், வடிகட்டி மாறிவிட்டது, வேறு இடத்தில் வாங்குகிறோம், பொருள் பிடிக்கவில்லை. ஒன்றைத் தட்டினால் போதும், எழுதவே வேண்டாம்.

பெரிய அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் தோழிக்குச் சோதனைக்கு அனுப்பினேன். அவள் கூட்டத்தில் இருந்ததால் மெயிலைப் பார்க்கவே இல்லை. எனக்கோ இரண்டு நொடிக்குள் நான்கு காரணங்களும் தட்டப்பட்டதாகப் பதிவு வந்துவிட்டது.

தபால்பை — மார்ச் 8, 10.25

அலுவலகங்களில் பாதுகாப்பு மென்பொருள் ஒவ்வொரு இணைப்பையும் தானே திறந்து சோதிக்கும். அதுதான் நான்கையும் தட்டியிருக்கிறது. விலகும் இணைப்பைத் திறந்த மாத்திரத்தில் பெயரை நீக்கும்படி வைத்தவர்கள் இப்படித்தான் நல்ல வாடிக்கையாளர்களை இழந்தார்கள். மேலே நான் கொடுத்த இரண்டாவது வரி இதற்காகவே வந்தது: இணைப்பைத் திறந்தால் மட்டும் போதாது, பொத்தானை அழுத்தினால் போகும் தனிக் கோரிக்கை வந்தால்தான் விலகல் ஆகும். கடிதத்துக்குள் இருக்கும் இணைப்பு, ஒரே ஒரு "உறுதி" பொத்தான் உள்ள பக்கத்துக்குப் போகட்டும்.

காரண இணைப்புகளை எடுத்துவிடுங்கள். பதில் எழுதினால் மனிதரிடம் போய்ச் சேரும் முகவரியிலிருந்து அனுப்புங்கள்.

கணக்கு77 — மார்ச் 8, 12.40

ஆமா, பதில் எழுதாதீங்கன்னு சொல்ற முகவரியிலிருந்து "உங்க கருத்து முக்கியம்"னு எழுதுறது எனக்கும் பிடிக்காது. ஆனா தள்ளுபடி விஷயத்துல நான் மாறலை.

நீர்த்துளி — மார்ச் 8, 1.15

தள்ளுபடியை எடுத்துவிட்டேன். ஒழுங்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு விலை கொடுத்து வாங்குபவருக்கு ஒன்றும் இல்லை, ஒரு வருடம் வராதவருக்கு 25% என்றால், வராமல் இருப்பதற்கே பரிசு கொடுப்பதாகிறது. "மூன்று நாள் மட்டும்" என்பது அவசரப்படுத்துவது. ஒரு வருடம் பொறுத்த நான் மூன்று நாளில் முடிவு கேட்பது முறையில்லை.

நீர்த்துளி — மார்ச் 11, இரவு 10.45

இதை எழுதவே தயக்கமாக இருந்தது. புகார் சொன்ன 41 பேரின் ஆர்டர் தேதிகளை வரிசைப்படுத்தினேன். 26 பேர் 2023 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வாங்கியவர்கள். அந்த மூன்று மாதமும் நாங்கள் வேறொருவரிடம் ரப்பர் வளையம் வாங்கியிருந்தோம். பழைய பெட்டியில் ஒன்று கிடந்தது. எடுத்து எப்போதும் வாங்கும் வளையத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நகத்தளவு கூட வித்தியாசம் தெரியவில்லை. கார்ட்ரிட்ஜில் மாட்டி மூடியைத் திருகினால் கடைசிக் கால் சுற்றில் வளையம் ஒரு பக்கம் பிதுங்குகிறது. தண்ணீரைத் திறந்து பத்து நிமிடம் கழித்து மூடிக்குக் கீழே ஒரு சொட்டு தொங்கியது.

எழுதப்போகும் 218 பேரில் 48 பேர் கடைசியாக வாங்கியது அந்த மூன்று மாதத்தில்தான். அவர்களில் ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை.

இப்போது என் கேள்வி: கடிதத்தில் "எங்கள் பொருள் சரியில்லாமல் போயிருக்கலாம்" என்று ஒரு காரணமாகச் சேர்த்தால் போதாதா?

பழையமேசை — மார்ச் 12, காலை 6.50

போதாது. தெரியாததற்குத்தான் "இருக்கலாம்". வீடு மாறினாரா என்பது உங்களுக்குத் தெரியாது, அங்கே "மாறியிருக்கலாம்" நேர்மையான சொல். வளையம் கசிந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததை "இருக்கலாம்" என்று எழுதினால் அது ஒளிப்பது. அந்த 48 பேருக்கு "கசிந்தது" என்று முற்றுவினையில் எழுதுங்கள்.

தபால்பை — மார்ச் 12, 8.20

அவர்களுக்குத் தனிக் கடிதமே போக வேண்டும். அதில் வாங்கும் இணைப்பு வேண்டாம். குறையைச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே விற்றால் குறையைச் சொன்னதே விற்பதற்காக என்று ஆகிவிடும்.

மற்ற 170 பேரில் ஒரு 40 பேருக்கு எதுவும் அனுப்பாமல் வையுங்கள், குலுக்கிப் போட்டு எடுங்கள். கடிதம் இல்லாமலே எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று தெரிய வேண்டும்.

நீர்த்துளி — மார்ச் 14, மாலை 5.30

முடிவான கடிதங்கள் இரண்டும். முதலாவது 130 பேருக்கு:

> பொருள்: உங்கள் வடிகட்டி கார்ட்ரிட்ஜ், கடைசியாக 2023 நவம்பரில்
>
> வணக்கம்.
> உங்களுக்குக் கடைசியாகக் கார்ட்ரிட்ஜ் அனுப்பியது 2023 நவம்பரில். வீடு மாறியிருக்கலாம், வடிகட்டி மாறியிருக்கலாம், வேறு இடத்தில் நன்றாகக் கிடைக்கலாம், அல்லது எங்களுக்குத் தெரியாத வேறு ஏதாவது இருக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.
> அதே வடிகட்டி இன்னும் இருந்தால், அதற்குப் பொருந்துவது இங்கே உள்ளது.
> இனிக் கடிதம் வேண்டாம் என்றால் இங்கே அழுத்தினால் போதும், உள்நுழைய வேண்டாம்.
> ஏதாவது சொல்ல விரும்பினால் இதற்கே பதில் எழுதலாம், என்னிடம் வரும். இல்லையென்றால் இது பற்றி மறுபடி எழுத மாட்டேன்.

இரண்டாவது 48 பேருக்கு:

> பொருள்: 2023ல் அனுப்பிய கார்ட்ரிட்ஜில் ஒரு குறை
>
> வணக்கம்.
> 2023 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நாங்கள் அனுப்பிய கார்ட்ரிட்ஜ்களில் ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் கசிந்தது. அப்போதே கண்டுபிடித்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மன்னியுங்கள்.
> அந்தக் கார்ட்ரிட்ஜ் இன்னும் உங்களிடம் இருந்தால் சரியான வளையம் அனுப்புகிறோம், கட்டணம் இல்லை. கசிவால் வேறு ஏதாவது கெட்டிருந்தாலும் எழுதுங்கள்.

இதிலும் விலகும் இணைப்பு உண்டு. முதல் கடிதத்தின் பொருள் வரியில் முதலில் "வாங்கச் சொல்லி அல்ல" என்று போட்டிருந்தேன். அந்தக் கடிதத்தில் வாங்கும் இணைப்பு இருக்கிறது, ஆகவே அது பொய். அடித்துவிட்டேன்.

பழையமேசை — மார்ச் 14, 6.10

"நன்றாகக் கிடைக்கலாம்" என்ற இடம் பிடித்திருக்கிறது. வேறு இடம் போனவரை நீங்கள் பழிக்கவில்லை.

நீர்த்துளி — மார்ச் 18, மதியம் 12.00

ஒரே நாளில் எல்லாம் போக வேண்டாம் என்று முதல் நாள் 30 மட்டும் அனுப்பினேன். ஐந்து திரும்பி வந்துவிட்டன. எல்லாவற்றிலும் `550 5.1.1` என்று இருக்கிறது. மறுபடி முயற்சி செய்யவா?

தபால்பை — மார்ச் 18, 12.20

வேண்டாம். அந்தப் பெட்டியே இல்லை என்று அர்த்தம். ஐந்தையும் இன்றே நீக்குங்கள், மறுபடி தட்டினால் உங்கள் பெயர்தான் கெடும். அலுவலக முகவரிகளா என்று பாருங்கள். வேலை மாறினால் அந்த முகவரி அதோடு போய்விடும்.

நீர்த்துளி — மார்ச் 18, 12.50

ஐந்தில் நான்கு அலுவலக முகவரிகள். மிச்சமுள்ள அலுவலக முகவரிகளைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைத்தேன், ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் போகாமல்.

நீர்த்துளி — ஏப்ரல் 22, இரவு 9.15

ஒரு மாதக் கணக்கு.

130 பேருக்குப் போனதில் 9 திரும்பின, 11 பேர் விலகினார்கள், 15 பேர் பதில் எழுதினார்கள், 9 பேர் வாங்கினார்கள். கடிதமே போகாத 40 பேரில் 3 பேர் தாங்களாகவே வாங்கியிருக்கிறார்கள். சதவீதம் போட்டால் அனுப்பியவர்களில் 6.9, அனுப்பாதவர்களில் 7.5. கடிதத்தால்தான் ஒன்பது பேர் வந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

15 பதில்களில் 6 பேர் வீடு மாறியவர்கள், 4 பேர் வடிகட்டியையே மாற்றியவர்கள், 2 பேர் வேறு இடத்தில் குறைந்த விலைக்கு வாங்குபவர்கள். மூன்று பேர் ஒரு வரியில் நன்றி மட்டும் சொன்னார்கள்.

48 பேரில் 17 பேர் எழுதினார்கள். 11 பேருக்குக் கசிந்திருக்கிறது. ஒருவர் கீழே கிண்ணம் வைத்தே ஆறு மாதம் ஓட்டியிருக்கிறார். "நான்தான் சரியாக மாட்டவில்லை என்று நினைத்தேன்" என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள், ஏறக்குறைய அதே சொற்களில். வளையம் போனபின் ஆறு பேர் புதிதாக ஆர்டர் தந்தார்கள்.

கணக்கு77 — ஏப்ரல் 22, 9.50

40 பேர் ரொம்பக் கம்மி. ஒருத்தர் கூடினாலோ குறைஞ்சாலோ சதவீதம் ரெண்டரை நகரும். அதை வச்சு கடிதம் வேலை செய்யலைன்னும் சொல்ல முடியாது. தள்ளுபடி போட்டிருந்தா வித்தியாசம் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்.

தபால்பை — ஏப்ரல் 22, 10.15

முதல் பாதியை ஒத்துக்கொள்கிறேன். இந்த அளவுப் பட்டியலில் விற்பனையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தள்ளுபடி வித்தியாசம் காட்டியிருக்கலாம், ஆனால் அந்த 11 பேர் கசிந்த கதையைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாசல்படி — ஏப்ரல் 23, காலை 8.00

பேர் பக்கத்துல அந்தப் பொத்தான் இருந்துச்சு, அழுத்தினேன். மூணு வாரமா எதுவும் வரலை. நன்றி.

நீர்த்துளி — ஏப்ரல் 23, 8.40

நல்லது.

பதிலே வராத மற்ற 31 பேருக்கு வளையம் பற்றி இன்னொரு முறை எழுதலாமா என்று யோசிக்கிறேன். இரண்டாவது கடிதத்தில் "மறுபடி எழுத மாட்டேன்" என்று சொல்லவில்லை, அது முதல் கடிதத்தில்தான். இருந்தாலும் மனம் இழுபறியாக இருக்கிறது.

பழையமேசை — ஏப்ரல் 23, 9.30

குறையைச் சொல்லும் கடிதம் பார்க்கப்படாமல் போயிருந்தால் இன்னொரு முறை எழுதுவது தொந்தரவு இல்லை என்பது என் கருத்து.

தபால்பை — ஏப்ரல் 23, 9.45

எனக்கு மாற்றுக் கருத்து. அவர்களில் பலர் அந்தக் கார்ட்ரிட்ஜை எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார்கள். இன்னொரு மெயிலை விட வளையத்தையே உறையில் போட்டு, கடைசியாக அனுப்பிய முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள்.

நீர்த்துளி — ஏப்ரல் 25, மாலை 4.20

31 உறைகள் மேசை மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வளையமும் பாதி அட்டையும்: "2023 கார்ட்ரிட்ஜுக்கான சரியான வளையம். மூடியைத் திருகும்போது பிதுங்காது. கார்ட்ரிட்ஜ் இப்போது இல்லையென்றால் இதை எறிந்துவிடலாம்." இணையதள முகவரியைப் போடவில்லை. நாளை காலை தபாலில் சேர்க்கிறேன்.